டுடோரியல் வீடியோவின் டிரான்ஸ்கிரிப்டைப் படிகளாக்க நான்கு வழிகள்: எதை எப்போது எடுக்கலாம்?

வீடியோவைப் பார்க்காமலே ஒருவர் பின்பற்றிச் செய்யும்படி எண்ணிட்ட படிகள் வேண்டும். மேலே கருவிகளின் பட்டியல், ஒவ்வொரு படியிலும் வைக்க வேண்டிய செட்டிங். இதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. டிரான்ஸ்கிரிப்டை மட்டும் வைத்து எழுதலாம். டிரான்ஸ்கிரிப்டைத் தொடாமல் வீடியோவை ஓட்டி நிறுத்தி எழுதலாம். டிரான்ஸ்கிரிப்டில் வரைவு போட்டுவிட்டு, ஓட்டை தெரியும் இடங்களுக்கு மட்டும் வீடியோவுக்குப் போகலாம். இல்லையென்றால், எழுதிய படிகளை வைத்து நாமே மென்பொருளில் ஒருமுறை செய்து பார்த்துத் திருத்தலாம்.

நான் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் எடுப்பேன், ஆனால் அது எல்லா வீடியோவுக்கும் பொருந்தாது. முடிவு செய்வதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. டிரான்ஸ்கிரிப்டின் நடுவிலிருந்து இரண்டு நிமிடப் பேச்சை எடுத்துப் படியுங்கள் (ஆரம்பத்தை எடுக்காதீர்கள், அங்கே வணக்கமும் முன்னுரையும்தான் இருக்கும்). அதில் "இத, இங்க, இவ்வளவு, இந்தப் பக்கம், அப்படியே" என்ற சொற்கள் எத்தனை, எண்களும் பட்டன் பெயர்களும் எத்தனை என்று பாருங்கள். சுட்டுச் சொற்கள் அதிகம் என்றால் செட்டிங் எல்லாம் திரையில்தான் இருக்கிறது, டிரான்ஸ்கிரிப்டில் இல்லை. எண்கள் அதிகம் என்றால் முதல் வழியே போதுமா என்று யோசிக்கலாம்.

விஷயம் புரிய ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். குரல் பதிவிலிருந்து இரைச்சலை நீக்கி, ஒலி அளவைச் சரிசெய்வதை Audacity-யில் காட்டும் ஒரு பதினான்கு நிமிட வீடியோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் தானியங்கித் தமிழ் டிரான்ஸ்கிரிப்டில் முக்கியமான வரிகள் இப்படி இருக்கின்றன:

```
3:05 சத்தமே இல்லாத இடத்த மட்டும் செலக்ட் பண்ணிக்கோங்க
3:19 எஃபெக்ட்ல நாய்ஸ் ரிடக்சன் போய் புரொபைல் எடுத்துக்கலாம்
3:41 மறுபடி அதே இடத்துக்கு வந்து இத பதினெட்டு வச்சுக்கலாம்
3:50 மத்தத அப்படியே விட்டுரலாம்
4:12 இல்ல தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு
4:30 கொஞ்சம் குறைச்சுக்கலாம் ம் இது ஓகே
6:02 ஹை பாஸ் இங்க எட்டு ஹெர்ட்ஸ் ரோல் ஆஃப் பன்னெண்டு
6:20 இத முதல்லயே பண்ணியிருக்கணும் பரவால்ல
8:20 லவுட்னஸ் பதினாறு வச்சுட்டா போதும்
```

டிரான்ஸ்கிரிப்டை மட்டும் வைத்து

இந்த வரிகளை அப்படியே படிகளாக மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். "நாய்ஸ் ரிடக்சனை 18 வைக்கவும்" என்று ஒரு படி வரும். அடுத்த படி "கொஞ்சம் குறைக்கவும்". எவ்வளவு குறைப்பது? டிரான்ஸ்கிரிப்டில் பதிலே இல்லை, ஏனென்றால் பேசுபவர் அந்த இடத்தில் ஸ்லைடரை இழுத்தாரே தவிர எண்ணைச் சொல்லவில்லை. அதுபோக, 18 என்பது அவர் வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட மதிப்பு. நாய்ஸ் ரிடக்சனுக்கு டிரான்ஸ்கிரிப்டில் சொல்லப்பட்ட ஒரே எண் அதுதான் என்பதால், அவசரமாக எழுதுபவர் கையில் தப்பான அந்த எண்தான் போய் உட்காரும். இந்த வழியில் நேரும் தவறுகளில் இதுதான் மோசமானது, படித்துப் பார்த்தால் கொஞ்சமும் சந்தேகம் வராது.

அடுத்தது "எட்டு ஹெர்ட்ஸ்". ஹை பாஸ் ஃபில்டர் என்பது நாம் வைக்கும் அலைவரிசைக்குக் கீழே உள்ளதைக் குறைப்பது. மனிதக் காதுக்குச் சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் கேட்காது, ஆகவே 8 ஹெர்ட்ஸில் வைத்தால் கேட்கும்படியாக எந்த மாற்றமும் இருக்காது. அவர் சொன்னது எண்பது. தமிழில் வேகமாகப் பேசும்போது எட்டும் எண்பதும், ஆறும் நூறும், பதினாலும் பதினாறும் தானியங்கி எழுத்தில் ஒன்றுக்கொன்று மாறிவிடுவது வழக்கம். விஷயம் தெரிந்தவருக்கு இது உடனே கண்ணில் படும், தெரியாதவர் அப்படியே எழுதிவிடுவார். "லவுட்னஸ் பதினாறு" என்பதும் இதே கதைதான், அங்கே வைக்க வேண்டியது ஒலியளவின் அலகான LUFS-ல் −16. மைனஸைப் பேசுபவரே விழுங்கியிருப்பார், அல்லது எழுத்தாக்கம் விழுங்கியிருக்கும்.

சரி, இந்த வழி எங்கே எடுபடும்? பேசுபவர் முன்கூட்டி எழுதிவைத்துப் படிக்கிற வீடியோக்களில், அல்லது பேச்சே செட்டிங்காக இருக்கிற இடங்களில். வாய்மொழியாகவே அளவெல்லாம் சொல்லிவிடும் விளக்கம் என்றால் டிரான்ஸ்கிரிப்ட் கிட்டத்தட்ட முழுமையாக இருக்கும். கட்டளை அடிக்கும் வீடியோக்களுக்கு இது உதவாது, ஒரு ஹைஃபனா இரண்டு ஹைஃபனா என்பதைப் பேச்சிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வீடியோவை ஓட்டி நிறுத்தி

இதற்கு நேர் எதிர், டிரான்ஸ்கிரிப்டையே திறக்காமல் வீடியோவைப் பார்த்துக்கொண்டே எழுதுவது. திரையில் தெரியும் எண்ணையே எழுதுவதால் மதிப்புகளில் தவறு வராது. ஆனால் இரண்டு சிக்கல்கள். ஒன்று நேரம்: நிறுத்துவதும் பின்னால் போவதுமாக, வீடியோவின் நீளத்தைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். இன்னொன்று, முழுப் போக்கும் தெரியாமலே எழுதிக்கொண்டு போவது. 3:41-ல் 18 என்று எழுதிவிட்டு, 4:30-ல் திரும்பி வந்து அடிக்க வேண்டும். 6:20-ல் "இத முதல்லயே பண்ணியிருக்கணும்" என்று அவர் சொல்லும்போது எழுதியதையெல்லாம் வரிசை மாற்ற வேண்டும். டிரான்ஸ்கிரிப்டை முதலில் ஒரு ஓட்டம் படித்திருந்தால் இந்த இரண்டும் எழுதத் தொடங்கும் முன்பே தெரிந்திருக்கும்.

பேச்சே இல்லாத, பின்னணி இசை மட்டும் ஓடுகிற வீடியோ என்றால் வேறு வழியில்லை, இதுதான். அப்போது யூடியூபில் K அழுத்தி நிறுத்திவிட்டு, முற்றுப்புள்ளி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னேயும் காற்புள்ளி விசையால் பின்னேயும் நகர்த்தலாம். ஒரு நொடி மட்டும் தோன்றி மறையும் டயலாக் பெட்டியைப் பிடிக்க இதைவிட வசதி இல்லை.

வரைவு டிரான்ஸ்கிரிப்டில், எண்கள் திரையில்

மூன்றாவது வழிக்கு வருவோம். இதன் அடிப்படை எளிது: வரிசையும் காரணமும் பேச்சில் இருக்கும், மதிப்புகள் திரையில் இருக்கும், ஆகவே இரண்டையும் அதனதன் இடத்திலிருந்து எடுத்துக்கொள்வது.

முதலில் டிரான்ஸ்கிரிப்ட் நேரக்குறிப்புகளோடு வேண்டும். நேரம் இல்லாத டிரான்ஸ்கிரிப்ட் இந்த வழிக்குப் பயன்படாது, எந்த வரிக்கு எந்தத் திரை என்று தேடியே நேரம் போய்விடும். யூடியூபின் டிரான்ஸ்கிரிப்ட் பெட்டியிலிருந்து நகலெடுக்கலாம். கோப்பாகவே வேண்டும் என்றால் yt-dlp என்ற கட்டளைவரிக் கருவி இருக்கிறது:

```
yt-dlp --skip-download --write-auto-subs --sub-langs ta "URL"
```

யூடியூபின் தானியங்கி வசனத்தை இப்படி எடுத்தால் ஒவ்வொரு வரியும் இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப வரும், திரையில் வரிகள் மேலே நகர்வதற்காக அப்படி எழுதியிருப்பார்கள். பயப்பட வேண்டாம், ஒரே மாதிரி வரிகளை நீக்கிவிட்டுத் தொடரலாம்.

அப்புறம் முழு டிரான்ஸ்கிரிப்டையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். இந்த வாசிப்பில் எதையும் எழுத வேண்டாம், மூன்றை மட்டும் குறித்தால் போதும். புதிய செயல் தொடங்கும் இடம், அவர் மனம் மாறும் இடம் ("இல்ல", "வேண்டாம்", "மறுபடி", "முதல்லயே"), சுட்டுச் சொல் வரும் இடம். நம் உதாரணத்தில் மனம் மாறும் இடங்கள் 4:12, 6:20 ஆகிய இரண்டும். சுட்டுச் சொற்கள் 3:41, 3:50, 4:30, 6:02, 6:20-ல். எண்களையும் அலகுகளையும் தேடிப் பிடிக்க ஒரு வரிக் கட்டளை போதும்:

```
grep -nE '^[0-9:]+ .*([0-9]|ஹெர்ட்ஸ்|டெசிபல்|மைனஸ்)' audio.txt
```

ஆனால் தானியங்கித் தமிழில் எண்கள் பெரும்பாலும் எழுத்தில் வரும், பதினெட்டு, பன்னெண்டு, ஒன்றரை, கால் என்றெல்லாம். அவற்றை இந்தத் தேடல் பிடிக்காது. அதனால்தான் கண்ணால் படிப்பதைத் தவிர்க்க முடியவில்லை.

இப்போது வீடியோவுக்குப் போவது குறித்த இடங்களுக்கு மட்டும்தான். ஒவ்வொரு இடத்திலும் எண் சொல்லப்படும் கணத்தில் நிறுத்தாமல், டயலாக் பெட்டியை அவர் மூடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். பேசி முடித்த பிறகும் ஸ்லைடரை நகர்த்துபவர்கள் நிறையப் பேர், கடைசியில் எதை வைத்து ஓகே கொடுத்தார் என்பதுதான் நமக்கு வேண்டும். வீடியோ கோப்பு கையில் இருந்தால் அந்தக் கணத்தைப் படமாகவே எடுத்து வைத்துக்கொள்ளலாம்:

```
ffmpeg -ss 00:04:38 -i video.mp4 -frames:v 1 step4.png
```

உதாரணத்தில் 4:38-ல் நிறுத்தினால் Noise reduction 9 என்று தெரிகிறது. கூடவே "மத்தத அப்படியே" என்று அவர் சொல்லிவிட்டுப் போன இரண்டும் தெரிகின்றன, Sensitivity 6.00, Frequency smoothing 3. இந்த "அப்படியே" என்ற சொல்லைக் கண்டால் கட்டாயம் திரையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. Audacity-யின் இந்தப் பெட்டி கடைசியாக வைத்த மதிப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும். அவர் கணினியில் "அப்படியே" இருந்தது அவர் போன முறை வைத்ததாக இருக்கலாம், படிப்பவர் கணினியில் வேறாக இருக்கும். பதிப்பு மாறினால் தொடக்க மதிப்புகளும் மாறியிருக்கலாம். ஆகவே "மற்றவற்றை மாற்ற வேண்டாம்" என்று படியில் எழுதாமல் மதிப்புகளை எழுதிவிடுவதே நல்லது.

எழுதும்போது ஒவ்வொரு மதிப்புக்கும் பின்னால் ஒரு எழுத்து போட்டுக்கொள்வது பெரிய உதவி. பேச்சிலிருந்து வந்தது என்றால் "பே", திரையிலிருந்து என்றால் "தி", இரண்டிலும் இல்லாமல் நாமே நிரப்பியது என்றால் "ஊ", அதாவது ஊகம். வெளியிடும்போது முதல் இரண்டையும் எடுத்துவிடலாம். "ஊ" மட்டும் அப்படியே நிற்கட்டும், படிப்பவருக்குத் தெரிய வேண்டியது அதுதான். பேச்சும் திரையும் முரண்பட்டால் எப்போதும் திரைக்குத்தான் முன்னுரிமை. 6:02-ல் காதில் எட்டோ எண்பதோ, பெட்டியில் 80 என்று இருக்கிறது, முடிந்தது.

அப்படி வந்த வரைவு:

கருவிகள்: Audacity 3.2 அல்லது அதற்குப் பிந்தையது (தி), ஹெட்போன் (பே), குரல் பதிவின் WAV கோப்பு (தி).

1. கோப்பைத் திறந்து Ctrl+A அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுக்கவும் (தி).
2. Effect > EQ and Filters > High-Pass Filter. Frequency 80 ஹெர்ட்ஸ் (தி), Roll-off 12 டெசிபல் (பே, தி). வீடியோவில் இது பிறகு வருகிறது, முதலிலேயே செய்வது நல்லது என்று அவரே 6:20-ல் சொல்கிறார்.
3. பேச்சு இல்லாத ஒரு துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து Effect > Noise Removal and Repair > Noise Reduction, பிறகு Get Noise Profile (பே, தி).
4. அதே பெட்டியை மறுபடி திறந்து Noise reduction 9, Sensitivity 6.00, Frequency smoothing 3 (தி).
5. ஹெட்போனில் கேட்கவும். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தால் Ctrl+Z அழுத்திவிட்டு, 4-ஆம் படியை இன்னும் குறைந்த எண்ணோடு செய்யவும் (பே, Ctrl+Z மட்டும் ஊ).
6. Ctrl+A, பிறகு Effect > Volume and Compression > Loudness Normalization, −16 LUFS (தி).
7. WAV ஆக ஏற்றுமதி செய்யவும் (தி).

பதிப்பு எண்ணை அவர் எங்கேயும் சொல்லவில்லை. Effect மெனு தலைப்புவாரியாகப் பிரிந்திருப்பதால் 3.2 அல்லது அதற்குப் பிந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம், அதற்கு முந்தைய பதிப்புகளில் எல்லா எஃபெக்ட்டும் ஒரே நீளப் பட்டியலாக இருந்தன. இந்தத் தகவலை எழுதாமல் விட்டால், பழைய பதிப்பு வைத்திருப்பவர் Noise Removal and Repair என்ற தலைப்பைத் தேடிக்கொண்டே இருப்பார்.

18 எங்கே போயிற்று என்று கேட்கலாம். படியிலிருந்து அதை எடுத்துவிட்டேன், ஆனால் அவர் ஏன் கைவிட்டார் என்ற காரணம் 5-ஆம் படியில் ஒரு சோதனையாக நிற்கிறது. கைவிட்ட முயற்சிகளைப் படிகளில் சேர்க்கக் கூடாது, அவற்றின் காரணத்தைத் தூக்கி எறியவும் கூடாது.

நாமே செய்து பார்ப்பது

நான்காவது வழி தனி வழி என்பதைவிட மூன்றாவதற்கு மேல் ஒரு அடுக்கு. இதற்கு நேரம் ஆகும், மென்பொருள் வேண்டும், ஒரு மாதிரிப் பதிவும் வேண்டும். ஆனால் இது பிடிக்கிற தவறுகளை வேறு எதுவும் பிடிக்காது.

மேலே உள்ள வரைவை அப்படியே செய்து பாருங்கள். 3-ஆம் படியில் மௌனமான துண்டைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, 4-ஆம் படியில் பெட்டியைத் திறந்து ஓகே கொடுத்தாகிவிட்டது. கேட்டால் இரைச்சல் அப்படியே இருக்கிறது! காரணம், அந்தத் துண்டு இன்னும் தேர்விலேயே இருக்கிறது, எஃபெக்ட் அந்த இரண்டு நொடிக்கு மட்டும்தான் போயிருக்கிறது. வீடியோவில் அவர் இடையில் Ctrl+A அழுத்தியிருக்கிறார். வாயைத் திறந்து சொல்லவில்லை, பெட்டியும் எதுவும் திறக்கவில்லை, அலைவடிவத்தின் பின்னணி நிறம் மாறியது மட்டும்தான் அடையாளம். டிரான்ஸ்கிரிப்டில் அந்த இடம் வெறும் மௌனம், வரைவுக்காக வீடியோவைத் தொட்டபோதும் நாம் 4:38-க்குத்தான் போனோம், 3:35-க்குப் போகவில்லை. விசைப்பலகைக் குறுக்குவழிகள் எல்லாமே இப்படித்தான் நழுவும். Audacity-யில் Ctrl+R அழுத்தினால் கடைசியாகப் பயன்படுத்திய எஃபெக்ட் பெட்டியே திறக்காமல் மறுபடி ஓடும், அதை யாராவது வீடியோவில் அழுத்தியிருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று, நாம் வரிசையை மாற்றியதன் விளைவு. அவர் இரைச்சலை நீக்கிய பிறகு ஹை பாஸ் போட்டார், நாம் அதை முன்னுக்குக் கொண்டுவந்தோம். அப்படியானால் இரைச்சல் மாதிரியை ஹை பாஸுக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும், முன்பு எடுத்துவைத்த மாதிரி இப்போது உள்ள ஒலிக்குப் பொருந்தாது. நம் வரைவில் அந்த வரிசை சரியாக இருக்கிறது. ஆனால் 9 என்ற எண் அவர் ஹை பாஸ் போடாத ஒலியில் காதால் கேட்டுத் தேர்ந்தது. ஆழ்ந்த முழக்கம் ஏற்கெனவே போய்விட்ட ஒலிக்கு அதைவிடக் குறைவே போதுமானதாக இருக்கலாம். ஆகவே வரிசையை மாற்றினால், அதற்குப் பின்னால் வரும் காதால் தேர்ந்த எண்களுக்கெல்லாம் "ஊ" போட்டுவிட்டு மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்கும் துணிச்சலோ நேரமோ இல்லையென்றால் அவர் செய்த வரிசையையே வைத்துக்கொண்டு, 6:20-ல் அவர் சொன்னதை ஒரு குறிப்பாகப் போடுவதுதான் நேர்மை.

எதற்கு எது

நம் சொந்தக் குறிப்புக்காக, அடுத்த வாரமே மறந்துபோகிற ஒரு வேலைக்காக என்றால் மூன்றாவது வழியோடு நிறுத்திக்கொள்ளலாம், Ctrl+A மாதிரி ஒன்று விட்டுப்போனாலும் நமக்கே புரிந்துவிடும். வேறொருவர் வீடியோவைப் பார்க்காமல் இதை மட்டும் வைத்துச் செய்யப்போகிறார் என்றால் நான்காவது வரை போக வேண்டும், அல்லது குறைந்தபட்சம் அந்த ஆளையே ஒருமுறை செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். அவர் நின்று யோசிக்கும் இடமெல்லாம் விட்டுப்போன படி. மென்பொருள் விலைக்கு வாங்குவதாகவோ கருவி கையில் இல்லாததாகவோ இருந்தால், மூன்றாவது வழியில் எழுதிவிட்டு, கடைசியில் வீடியோவை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பேச்சு இல்லாதபோது கண் திரையிலேயே நிற்கும், தேர்வு மாறுவதும் டேப் மாறுவதும் அப்போதுதான் தட்டுப்படும். செய்து பார்ப்பதற்கு இது ஈடாகாது, பாதி அளவுக்கு வரும்.

செட்டிங்கைப் படிக்குள்ளேயே எழுதுவதா, தனி அட்டவணையாகப் போடுவதா என்பதிலும் ஆளுக்கொரு கருத்து உண்டு. அட்டவணை பார்க்க அழகு, அடுத்த முறை எண்களை மட்டும் எடுத்துக்கொள்ள வசதி. ஆனால் இரண்டு இடத்திலும் எழுதினால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது பழையதாகவே நின்றுவிடும், ஒன்றில் 9, இன்னொன்றில் 18. நான் எண்களைப் படிக்குள் மட்டும் வைப்பேன், மேலே கருவிகளின் பெயரும் பதிப்பும் மட்டும். ஒரே பெட்டியில் ஏழெட்டு மதிப்புகள் வருகிற படி என்றால் அந்தப் படிக்குக் கீழேயே சின்ன அட்டவணை போட்டுவிடலாம். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் வீடியோவின் நேரத்தையும் விட்டுவையுங்கள், watch?v= உள்ள யூடியூப் இணைப்பின் முடிவில் &t=278 என்று சேர்த்தால் நேரே 4:38-க்குப் போகும், "இந்த 9 எங்கிருந்து வந்தது" என்று யாராவது கேட்டால் அதைக் காட்டிவிடலாம்.